3.14 மி.மீ. குறையும் பவுச், 24 இடத்தில் நிற்கும் பெல்ட்: ஒரே இயந்திரத்தின் இரு மோட்டார்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோட்டுப் பக்கம் மசாலாப் பொடி அரைத்து பவுச்சில் அடைக்கும் சிறிய நிறுவனம் அது. பவுச் போடும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். மேலிருந்து இறங்கும் பிலிமை இரண்டு ரப்பர் ரோலர்கள் ஒவ்வொரு பவுச்சுக்கும் 120 மி.மீ. இழுத்துக் கொடுக்கும். பிறகு சூடான தாடைகள் மூடி ஒட்டும், கத்தி வெட்டும். ரோலரைத் திருப்புவது ஸ்டெப்பர் மோட்டார். விழும் பவுச்சுகளை வெளியே கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டை ஓட்டுவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார், சுருக்கமாக பிஎல்டிசி. பிலிம் வெள்ளை, அதில் அச்சு இல்லை. அதனால் அச்சுக் குறியைப் பார்த்து நீளத்தைச் சரிசெய்யும் கண் சென்சாரும் இல்லை. எத்தனை பல்ஸ் கொடுக்கிறோமோ அத்தனை தூரம் மோட்டார் திரும்பியிருக்கும் என்ற நம்பிக்கைதான் பவுச்சின் நீளம்.

ஆயுத பூஜைக்கு இயந்திரத்தை நிறுத்தித் துடைத்தபோது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். ஸ்டெப்பருக்கு மின்சாரம் தந்த 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் முன்பே கருகியிருந்தது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் கையிலிருந்த 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸை அந்த இடத்தில் மாட்டினார். கன்வேயர் மோட்டாரின் பேரிங்கில் மிளகாய்த் தூள் ஏறி இறுகிப் போயிருந்தது. அதே அளவில் வேறொரு தயாரிப்பாளரின் மோட்டாரை வாங்கி, நிறத்துக்கு நிறம் ஒயரைச் சேர்த்தார். இரண்டும் ஓடின. பூஜையும் முடிந்தது.

மறுநாள் காலையிலிருந்தே புகார். ஒரு வாரம் அவர்களே பார்த்துவிட்டு அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள்.

போனதும் கண்டவை

பவுச் குட்டையாக வருகிறது என்பது முதல் புகார். எல்லாப் பவுச்சும் அல்ல, இடையிடையே. "ரப்பர் தேஞ்சு போச்சுங்கண்ணா, பிலிம் வழுக்குது" என்றார் உரிமையாளர். அந்த வாரத்தில் புது ரப்பர் போட்டு, ரோலரை அழுத்தும் ஸ்பிரிங்கையும் இறுக்கியிருந்தார். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டதாம்.

இரண்டாவது புகாரைச் சொன்னவர் இயந்திரத்தில் நிற்கும் அக்கா. பெல்ட் சில நேரம் கிளம்பாது, முனகிக்கொண்டே நிற்கும். "ஒரு கை தள்ளிவிட்டாப் போதுங்க சார், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நிக்காது." மோட்டாரின் மேல் கை வைத்தேன். ஐந்து வினாடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

முதலில் பவுச்சுகளை அளந்தேன். வரிசையாக 40 எடுத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகக் குறித்தேன். 31 பவுச் 120 மி.மீ. சரியாக இருந்தன. 7 பவுச் 117-க்கு ஒட்டி. 2 பவுச் 114-க்குச் சற்றுக் கீழே. நடுவில் எதுவும் இல்லை. 119 இல்லை, 118 இல்லை, 115-உம் இல்லை.

வழுக்கும் ரப்பர் இப்படி எண்ணி வழுக்காது. வழுக்கல் என்றால் ஒன்று, ஒன்றரை, நான்கு என்று கண்டபடி வரவேண்டும். இங்கே குறைவது மூன்று அல்லது ஆறு. ரோலரின் விட்டம் 50 மி.மீ., சுற்றளவு 157 மி.மீ. மோட்டாரின் தண்டு நேராக ரோலரில் சேர்கிறது, நடுவில் கியர் இல்லை. 157-ஐ 50-ஆல் வகுத்தால் 3.14. அந்த 50 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் பாதி.

அந்த 50 எங்கிருந்து வருகிறது

இந்த வகை ஸ்டெப்பரின் ரோட்டாரைச் சுற்றி 50 பற்கள் வெட்டியிருக்கும். வெளியே இரண்டு காயில்கள், நான்கு ஒயர்கள். பல்ஸை வாங்கி மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டிதான் டிரைவர். அது செய்வது இந்த இரண்டு காயில்களிலும் மின்னோட்டத்தின் திசையை முறைவைத்து மாற்றுவது மட்டுமே:

```
படி   காயில்-1   காயில்-2
1        +          +
2        -          +
3        -          -
4        +          -
```

ஒவ்வொரு படிக்கும் காந்தப்புலம் கால் பல் நகரும், ரோட்டாரும் அதைப் பின்தொடரும். கால் பல் என்றால் 1.8 டிகிரி. நான்கு படி முடிந்தால் பட்டியல் மறுபடி முதலிலிருந்து. ரோட்டார் ஒரு பல், அதாவது 7.2 டிகிரி திரும்பியிருக்கும். இப்போதைய டிரைவர்கள் இப்படித் தடக்தடக்கென்று மாற்றுவதில்லை. இரண்டு காயில்களிலும் மின்னோட்டத்தைச் சைன் அலையாக ஏற்றி இறக்கி ஒரு படியை எட்டாகப் பிரிக்கின்றன. இந்த இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ், 120 மி.மீ. இழுக்க 1222 பல்ஸ். ஆனால் அடிப்படை அதேதான்: நான்கு முழுப் படிக்கு ஒருமுறை காயில்களின் நிலை மறுபடி அதேபோல் இருக்கும்.

டிரைவருக்கு ரோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்கவும் வழியில்லை. புலத்தை நகர்த்தும், பின்னாலேயே வருகிறது என்று எண்ணிக்கொள்ளும். ரோட்டார் பின்தங்கி, இரண்டு முழுப் படிக்கு மேல் விலகிவிட்டால், முன்னால் போன பல்லைப் பிடிக்க முடியாமல் அடுத்து வரும் பல்லில் போய்ப் பொருந்திக்கொள்ளும். அரைப் பல்லில் நிற்க அதற்கு இடமில்லை. ஆகவே ஸ்டெப்பர் படியைத் தவறவிட்டால் நான்கு நான்காகத்தான் தவறவிடும். இந்த ரோலரில் அது 3.14 மி.மீ., இரண்டு முறை நடந்தால் 6.28. நான் அளந்தது அதைத்தான்.

அளந்தது ஒன்று, நிரூபித்தது வேறு. பேனலில் பவுச் நீளத்தை 157 மி.மீ. என்று வைத்தேன், ஓர் இழுப்புக்கு ரோலர் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று சுற்றவேண்டும். தண்டின் கப்ளிங்கில் மார்க்கரால் ஒரு கோடு, பக்கத்துத் தகட்டில் காகிதத்தில் வரைந்த கோணமானி. சரியான இழுப்பில் கோடு அதே இடத்துக்கு வந்தது. பவுச் குட்டையானபோதெல்லாம் கோடும் 7 டிகிரி சொச்சம் பின்னால் நின்றது. பிலிம் வழுக்கினால் தண்டு முழுதாகச் சுற்றியிருக்கும். ரப்பர் மீதிருந்த பழி அத்தோடு நீங்கியது. ஸ்பிரிங்கை இறுக்கியதால் ஏன் மோசமானது என்பதற்கும் விடை கிடைத்தது: ரோட்டார் இழுக்கவேண்டிய சுமைதான் கூடியிருக்கிறது.

என் முதல் முடிவு, அது தவறு

மோட்டார் சுமையைத் தாங்கவில்லை என்று தெரிந்ததும், டிரைவரின் சிறு சுவிட்சுகளில் மின்னோட்டத்தை 3 ஆம்பியரிலிருந்து 3.6-க்கு உயர்த்தினேன். குட்டைப் பவுச் குறையவில்லை. மோட்டார் மட்டும் கூடுதலாகச் சூடேறியது. எஸ்எம்பிஎஸ் மாறியிருப்பதை அதுவரை நான் கவனிக்கவில்லை. கேட்டிருந்தால் எலக்ட்ரீஷியனே சொல்லியிருப்பார். அவரை அழைத்தபோது அவர் தந்த விளக்கம் நியாயமாகவே இருந்தது: மோட்டாரின் பட்டையில் 3 ஆம்பியர், 0.8 ஓம் என்று போட்டிருக்கிறது, பெருக்கினால் 2.4 வோல்ட், 24 கொடுத்தால் பத்து மடங்கு, போதாதா?

தண்டு நிற்கும்போது போதும். திரும்பும்போது போதாது. காயிலில் மின்னோட்டம் பொத்தென்று ஏறிவிடாது. எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை நிர்ணயிப்பது மின்தடை அல்ல, காயிலின் இண்டக்டன்ஸும் நாம் கொடுக்கும் வோல்டும்தான். இந்த மோட்டாரில் இண்டக்டன்ஸ் 6 மில்லி ஹென்றி. 24 வோல்ட்டில் ஒரு மில்லி வினாடிக்கு 4 ஆம்பியர் வேகத்தில் ஏறும். 48-இல் அது 8.

தேவை எவ்வளவு? ஓர் இழுப்பு 0.3 வினாடி. முடுக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, தளர்வுக்கு மூன்றில் ஒரு பங்கு போனால், நடுவில் ரோலர் வினாடிக்கு 3.8 சுற்று, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 230 சுற்று போகிறது. 50 பல்லால் பெருக்கினால் ஒவ்வொரு காயிலிலும் மின்னோட்டம் வினாடிக்கு 191 முறை முழு அலை அடிக்கவேண்டும். 3 ஆம்பியர் அலை அந்த வேகத்தில் போக, செங்குத்தாக ஏறும் இடத்தில் ஒரு மில்லி வினாடிக்கு 3.6 ஆம்பியர் வேண்டும். 24 வோல்ட் தருவது 4. காகிதத்தில் தப்பித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் திரும்பும் ரோட்டார் தானே ஒரு ஜெனரேட்டர். காயிலில் எதிர் வோல்ட்டை உண்டாக்குகிறது. அது 3 வோல்ட் வந்தாலே மீதி 21, ஏறும் வேகம் 3.5. மின்னோட்டம் கேட்ட உயரத்தைத் தொடுவதற்குள் டிரைவர் அடுத்த திசைக்கு மாற்றிவிடுகிறது. பிலிம் ரோல் சற்று இறுகி அவிழும் அந்தக் கணத்தில் ரோட்டார் ஒரு பல் விழுகிறது. நாற்பதில் ஒன்பது மட்டும் ஏன் என்பதற்கு அதுதான் காரணம்.

நான் மின்னோட்டத்தைக் கூட்டி வைத்தது வீண் என்பதும் இதனால்தான். டிரைவரின் அந்த சுவிட்ச் ஒரு மேல் வரம்பு. அந்த வரம்பை எட்டவே வழியில்லாதபோது வரம்பை உயர்த்தி என்ன பயன்? கூடுதல் சூடு, தாடைகள் மூடியிருந்து மோட்டார் நிற்கும் நேரத்தில் வந்தது.

திருத்துவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. ஒரு பல் தவறுவது தாளம் தப்பியதைச் சொல்லும்; ஏன் தப்பியது என்பதைச் சொல்லாது. எங்காவது பிலிம் சிக்கினாலும் இதே 3.14 தான் வரும். அதனால் 24 வோல்ட்டை மாற்றாமல், இழுக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து 100 பவுச் ஓட்டினேன். ஒன்றுகூடக் குட்டையில்லை. சிக்கல் என்றால் மெதுவாகப் போனாலும் சிக்கியிருக்கும். வேகத்தோடு வந்து வேகத்தோடு போகும் கோளாறு வோல்ட்டில்தான் இருக்கவேண்டும்.

டிரைவர் 80 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் மறுநாள் வந்தது. மாட்டினோம், மின்னோட்டத்தை 3-க்கே இறக்கினோம், ஸ்பிரிங்கைத் தளர்த்தினோம். 40 பவுச் அளந்தேன். நாற்பதும் அரை மி.மீ. வித்தியாசத்துக்குள்.

பெல்ட்: கேட்டுக்கேட்டு மாற்றும் மோட்டார்

எஸ்எம்பிஎஸ் வரும் வரை கன்வேயரைப் பார்த்தேன். இது 24 வோல்ட் மோட்டார், 8 துருவங்கள். ஸ்டெப்பருக்கு நேர்மாறானது இதன் சுபாவம். கன்ட்ரோலர் ரோட்டாரிடம் கேட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். கேட்பதற்கு உள்ளே மூன்று ஹால் சென்சார்கள். ஒவ்வொன்றும் எதிரே நிற்கும் காந்தத்தைப் பொறுத்து 1 அல்லது 0 சொல்லும். எட்டு சேர்க்கைகளில் 000, 111 இரண்டும் வராது, மீதி ஆறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கனத்த ஒயர்களில் எதில் மின்சாரம் நுழையவேண்டும், எதில் வெளியேறவேண்டும் என்று ஒரு பட்டியல் கன்ட்ரோலரில் இருக்கும். மூன்றாவது ஒயர் அந்த நேரம் சும்மா இருக்கும்.

```
ஹால்    நுழைவு    வெளியேற்றம்
101     மஞ்சள்     பச்சை
100     மஞ்சள்     நீலம்
110     பச்சை      நீலம்
010     பச்சை      மஞ்சள்
011     நீலம்      மஞ்சள்
001     நீலம்      பச்சை
```

பட்டியல் சரியாகப் பொருந்தினால் காந்தப்புலம் ரோட்டாருக்கு எப்போதும் 60-க்கும் 120-க்கும் இடைப்பட்ட மின்கோணத்தில் முன்னால் நிற்கும். மின்கோணம் என்பது ஒரு ஜோடித் துருவத்தை 360 டிகிரியாக எண்ணும் கணக்கு. ரோட்டார் நெருங்கி 60-ஐத் தொடும்போது ஹால் மாறும், புலம் மறுபடி 120-க்குத் தாவும். மாட்டுக்கு முன்னால் கட்டிய புல் மாதிரி, எட்டாமலே இழுத்துக்கொண்டு போகும். 90 டிகிரியில் இழுவை உச்சம் என்பதால் அதைச் சுற்றியே வைத்திருக்கிறார்கள்.

இந்த இயந்திரத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டினேன். கிளாம்ப் மீட்டரில் 2.9 ஆம்பியர். சுமையே இல்லாமல் இவ்வளவு கூடாது. கன்ட்ரோலர் வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வகை, அதனால் வேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெல்ட்டை மாட்டி, தண்டின் புல்லியைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒவ்வோர் இடத்திலும் ஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தேன். கிளம்பாத இடத்தில் சாக்பீஸ் கோடு. ஒரு சுற்று முடிந்தபோது புல்லியில் 24 இடங்களில் கோடுகள் திரண்டிருந்தன, 15 டிகிரிக்கு ஒன்றாக. 8 துருவம் என்றால் 4 ஜோடி. ஜோடிக்கு ஆறு மாற்றம். ஒரு சுற்றில் 24 முறை கன்ட்ரோலர் ஒயர் மாற்றும். மோட்டார் சிக்கிக்கொள்வது ஒவ்வொரு மாற்றத்துக்கும் சற்று முன்னால்.

பேரிங் இறுகியிருந்தால் இவ்வளவு ஒழுங்காகச் சிக்காது. ஒரு ஹால் செத்திருந்தால் 24 இடமும் ஒரே மாதிரி இருக்காது, 000 அல்லது 111 வந்துவிடும். ஆனாலும் பார்த்தேன்: கன்ட்ரோலரை ஆன் செய்து, ஓட்டம் கொடுக்காமல், தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு ஹால் ஒயரையும் மீட்டரில் படித்தேன். மூன்றும் 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் மாறின, ஆறு நிலையும் வந்தன. சென்சார்கள் நலம்.

எலக்ட்ரீஷியனை மறுபடி அழைத்தேன். புது மோட்டாரை மாட்டியதும் தலைகீழாகச் சுற்றியதா?

"ஆமாங்க சார், ரிவர்ஸ்ல போச்சு. கன்ட்ரோலர்ல டைரக்ஷன் சுவிட்சைத் தட்டிவிட்டேன், சரியாயிடுச்சு."

அவ்வளவுதான் கதை. புது மோட்டாரின் தயாரிப்பாளர் அதே மூன்று நிறங்களை வேறு வரிசையில் பயன்படுத்தியிருக்கிறார். நிறத்துக்கு நிறம் சேர்த்ததில் மூன்று கனத்த ஒயர்களும் ஓர் இடம் தள்ளிப் போய்விட்டன. புலம் 120 டிகிரி தப்பியது. 60-120-இல் நிற்கவேண்டியது 180-240-இல் நின்றது, அதாவது ரோட்டாரைப் பின்பக்கம் இழுத்தது. டைரக்ஷன் சுவிட்ச் புலத்தை நேர்எதிராகத் திருப்பும்: 180 டிகிரி. கழித்தால் 0-60. திசை சரியாகிவிட்டது, இடம் சரியாகவில்லை. புல் மாட்டின் மூக்கை உரசிக்கொண்டு நிற்கிறது. சராசரி இழுவை பாதியாகிவிட்டது, அதே பெல்ட்டை ஓட்ட இரண்டு மடங்கு மின்னோட்டம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சற்று முன்பு கோணம் சுழியை நெருங்குவதால் இழுவையே இல்லை. ஓடும் மோட்டார் அந்த இடத்தைத் தன் வேகத்தில் தாண்டிவிடும். நிற்கும் மோட்டாருக்கு ஒரு கை வேண்டும்.

சேர்த்த விதம்

மூன்று ஹால், மூன்று கனத்த ஒயர். மொத்தம் 36 விதமாக மாட்டலாம். ஹாலைத் தொடாமல் விட்டால் பார்க்கவேண்டியது ஆறுதான். தலைகீழாகச் சுற்றியது என்ற ஒரு செய்தி அதிலும் பாதியைக் கழித்துவிட்டது. இரண்டே ஒயர்களை மட்டும் இடம் மாற்றியிருந்தால் புலம் ஒரு பக்கமும் ரோட்டார் மறுபக்கமும் போக, மோட்டார் சுற்றாமல் ஓரிடத்தில் பூட்டிக்கொண்டிருக்கும். சுற்றியதால், வட்டமாக நகர்ந்த மீதி இரண்டில் ஒன்றுதான் விடை.

டைரக்ஷன் சுவிட்சைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். கன்ட்ரோலரில் மின்னோட்ட வரம்பைக் கீழே இறக்கிவைத்தேன். தவறான சேர்க்கையில் முழு மின்னோட்டம் பாய்ந்தால் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். மூன்று ஒயரையும் ஓர் இடம் நகர்த்தினேன்: மறுபடி பின்பக்கம். இன்னோர் இடம்: முன்பக்கம், சத்தமில்லாமல், 0.8 ஆம்பியர். திசையை மாற்றி ஓட்டினாலும் அதே 0.8. முன்னும் பின்னும் ஒரே மின்னோட்டம் வந்தால்தான் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். திசை சரியாக இருப்பதை மட்டும் பார்த்து நிறுத்தியதால்தான் அந்த மோட்டார் ஒரு வாரம் வெந்தது. புல்லியை மறுபடி சுற்றி 24 இடங்களிலும் ஸ்டார்ட் கொடுத்தேன். எல்லாவற்றிலும் கிளம்பியது.

மாற்றியவை, மாற்றாதவை

பேனல் கதவின் உட்புறம் இரண்டு தாள் ஒட்டினோம். ஒன்றில் ஸ்டெப்பர் டிரைவருக்கு 48 வோல்ட் என்றும், பட்டையில் உள்ள ஆம்பியரையும் ஓமையும் பெருக்கி வோல்ட் தீர்மானிக்கக்கூடாது என்றும் எழுதினேன். மற்றொன்றில் புது மோட்டாரின் ஒயர் வரிசையும், சுமையில்லா மின்னோட்டம் 0.8 என்பதும். அடுத்த முறை யார் மோட்டார் மாற்றினாலும் ஒப்பிட ஓர் எண் இருக்கவேண்டும்.

நான் மாற்றிக்கொள்வது: ஒரு வாரமாகக் கெட்டிருக்கிறது என்றால், அதற்கு முந்தின நாள் எதைக் கழற்றினீர்கள் என்பதை முதலில் கேட்பது. அதைக் கேட்காமல் டிரைவர் சுவிட்சில் கை வைத்ததில் அரை நாள் போனது. ஸ்டெப்பருக்கு என்கோடர் வைத்த மோட்டார் போடலாமா என்று உரிமையாளர் கேட்டார். வைத்தால் தவறிய படியை டிரைவரே கண்டுபிடிக்கும். ஆனால் இந்த வேகத்தில் தவறவே இல்லாதபோது தேவையில்லை என்றேன்.

ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவே கியரோ டைமிங் பெல்ட்டோ இருக்கும் இயந்திரங்களில் 3.14 என்ற எண் வராது. அந்த விகிதத்தால் வகுத்த நீளம்தான் வரும், அது ஸ்கேலில் அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப் போகலாம். அங்கே மோட்டார் தண்டிலேயே கோடு போட்டுப் பார்க்கவேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, நிமிடத்துக்கு 40 பவுச்சை 60 ஆக்கமுடியுமா என்று கேட்டார்கள். வேகத்தை ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் 200 பவுச் ஓட்டி அளந்தோம். 60-இல் எல்லாம் சரி. 65-இல் நூற்றுப் பத்தாவது பவுச் 117 வந்தது. இறுகச் சுற்றிய பிலிம் ரோல் வந்தால் 60-உம் தவறலாம் என்பதால் 55-இல் நிறுத்தி, அதையே பேனலில் மேல் வரம்பாகப் பூட்டிவிட்டு வந்தேன்.